ஸ்டேங்கரில் ஓர் அமைதி அறை: வாடகையைவிட ஆள் சம்பளமே பெரிது

டர்பனுக்கு வடக்கே, கரும்புத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் ஸ்டேங்கருக்கு 2006 முதல் அரசாங்கப் பெயர் குவாடுகூசா. ஊர்க்காரர் வாயில் இன்னும் ஸ்டேங்கர்தான். கடைத்தெருவில் கீழே துணிக்கடையோ செல்போன் கடையோ ஓடும். மாடி காலியாகக் கிடக்கும். அதை வாடகைக்கு எடுத்து மேசை, நாற்காலி, நல்ல இணையம் போட்டால் படிக்கிறவர்களும் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களும் காசு கொடுத்து வந்து உட்காருவார்களா என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். 25 கிலோமீட்டர் தள்ளி பாலிட்டோவில் இப்படிப்பட்ட இடங்கள் நடக்கின்றன. ஆனால் அங்கே வருகிறவர் கையில் இருக்கும் காசு வேறு, அந்தக் கணக்கை இங்கே தூக்கி வந்து வைக்க முடியாது.

முதலில் ஒரு பழைய நம்பிக்கையைத் தள்ளிவைத்துவிட வேண்டும். 2022, 2023 ஆண்டுகளில் எஸ்காம் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, இன்வெர்ட்டர் வைத்திருந்த எந்த அறைக்கும் கூட்டம் வந்தது. அந்தக் கூட்டம் அமைதிக்காக வந்ததல்ல, மின்சாரத்துக்காக வந்தது. 2024 மார்ச் இறுதியில் மின்வெட்டு நின்று மாதக்கணக்கில் வராமல் இருந்தது; 2025-இன் முதல் பாதியில் சில நாட்கள் மட்டும் தலைகாட்டியது. வீட்டில் விளக்கு எரிய ஆரம்பித்ததும் அந்த வாடிக்கையாளர்களில் பெரும்பகுதி வீட்டுக்கே போய்விட்டார்கள். ஆகவே 2023-இன் கூட்டத்தை நினைவில் வைத்து யாராவது “ஆள் கட்டாயம் வரும்” என்றால், அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

மின்சாரம் இருந்தும் வீட்டைவிட்டு வெளியே வந்து உட்காரக் காசு கொடுப்பவர் யார்? மூன்று வகை உண்டு. மூவரும் மூன்று விதமான நேரத்துக்கு வருகிறவர்கள்.

யுனிசாவில் தொலைதூரக் கல்வி படிப்பவர்கள் முதல் வகை. பகலில் வேலை, இரவில் படிப்பு. மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் இருக்கும் வீட்டில் தொலைக்காட்சி ஒரு பக்கம், குழந்தைகள் ஒரு பக்கம். நகராட்சி நூலகம் இலவசம்தான். ஆனால் அலுவலகம் முடிந்து இவர்கள் வரும் நேரத்துக்கு அது மூடியிருக்கும். எனவே இவர்கள் வாங்குவது மாலை 5 முதல் 9 வரையிலான நேரத்தையும் ஞாயிற்றுக்கிழமையையும். அதுவும் தேர்வை ஒட்டிய மே, ஜூன், அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் அதிகம்.

மெட்ரிக் பிள்ளைகள் இரண்டாவது வகை. செப்டம்பர் முன்தேர்விலிருந்து நவம்பர் இறுதித் தேர்வு வரை. இவர்களுக்குப் பணம் கட்டுவது பெற்றோர். பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இணைய வேகம் அல்ல: “அங்கே பொறுப்பாக யார் இருப்பார்கள்?” அதற்குப் பதில் இல்லாத இடத்துக்குப் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள்.

மூன்றாவது வகை வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை பார்ப்பவர்கள். முழு விலை கொடுக்கக்கூடியவர்கள் இவர்கள் மட்டுமே. பிரிட்டன் நிறுவனம் என்றால், அங்கே காலை 9 மணி என்பது அவர்களுடைய கோடையில் நமக்கு 10, அவர்களுடைய குளிர்காலத்தில் 11. வேலை மாலை 6 அல்லது 7 மணிக்கு முடியும். அமெரிக்காவின் கிழக்குப் பகுதி என்றால் மதியம் 3 அல்லது 4 மணிக்கு ஆரம்பித்து இரவு 11, 12 வரை போகும். இந்த அமெரிக்க நேரக் கூட்டத்துக்காக நள்ளிரவு வரை திறந்து வைப்பதா என்பதே பெரிய முடிவு. இரவு 11 மணிக்குக் கடைத்தெருவில் இறங்கித் தனியாக வண்டி வரை நடக்க எத்தனை பேர் சம்மதிப்பார்கள்? பூட்டிய வாசலும் உள்முற்றத்தில் வண்டி நிறுத்தும் இடமும் இல்லாத மாடியில் அமெரிக்க நேரத்தை விற்கவே முடியாது.

இந்த மூன்று வகையில் முதல் இரண்டுக்கும் மூன்றாவதற்கும் ஒரு சண்டை உண்டு. படிக்கிறவருக்கு மௌனம் வேண்டும்; வேலை பார்ப்பவர் நாளெல்லாம் பேசுவார். யுனிசாவின் இணையவழித் தேர்வுகளில் பயன்படும் கண்காணிப்புச் செயலிகளில் சில, எழுதுகிறவரின் அறைச் சத்தத்தையும் பதிவு செய்கின்றன. பக்கத்து மேசையில் யாரோ “ஹலோ, கேட்கிறதா?” என்று சொன்னால், தேர்வு எழுதுகிறவர் பிறகு விளக்கம் சொல்ல வேண்டி வரும். எனவே பொது அறையில் பேச்சே கூடாது, அழைப்புக்குத் தனிக் கூண்டு என்று பிரிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

கூண்டு கட்டுவதில் வழக்கமாக நடக்கும் தவறு ஒன்று. சுவருக்குத் தடித்த பலகை, உள்ளே நுரைப்பஞ்சு எல்லாம் வைப்பார்கள். கதவுக்கு அடியில் ஒரு விரல் இடைவெளியை விட்டுவிடுவார்கள். சத்தம் அந்த வழியாகவே வெளியே வந்துவிடும். நுரைப்பஞ்சு உள்ளே எதிரொலியைத்தான் குறைக்கும், வெளியே போகும் சத்தத்தை அல்ல. கதவின் நான்கு பக்கமும் ரப்பர் பட்டை வேண்டும். அதைச் செய்ததும் அடுத்த சிக்கல் வரும்: காற்று புகாத ஒரு சதுர மீட்டர் பெட்டியில் பிப்ரவரி மாதப் புழுக்கத்தில் கால் மணி நேரம்கூட இருக்க முடியாது. உள்ளே இருப்பவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவார். அப்புறம் கூண்டு எதற்கு? கூரையில் சத்தமில்லாத சிறு விசிறி ஒன்றும், வளைத்து விட்ட காற்றுக் குழாய் ஒன்றும் இல்லாமல் கூண்டு கட்டுவது வீண் செலவு. குழாயை நேராக விட்டால் பேச்சும் அதன் வழியே நேராக வந்துவிடும், அதனால்தான் வளைவு.

இதே புழுக்கம் அறை முழுவதுக்கும் பொருந்தும். குளிரூட்டி இல்லையென்றால் ஜன்னல் திறக்க வேண்டும். ஜன்னல் திறந்தால் மினிபஸ் டாக்ஸிகளின் ஹார்ன் உள்ளே வரும். இடம் பார்க்கப் போகிறவர் செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்குப் போய் “அமைதியாகத்தான் இருக்கிறது” என்று திரும்பி வருவார். வெள்ளி மாலை 4 மணிக்கும், மாதக் கடைசிச் சனிக்கிழமையும், மாதத் தொடக்கத்தில் உதவித்தொகை கொடுக்கும் நாட்களிலும் போய் ஜன்னலை மூடி ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். செல்போனில் இருக்கும் சத்த அளவிச் செயலி துல்லியமானதல்ல, ஆனால் ஒப்பிட உதவும். அதே போனை முதலில் நூலகத்தில் வைத்துப் பாருங்கள், பிறகு இந்த மாடியில். இரண்டுக்கும் 10 டெசிபலுக்கு மேல் வித்தியாசம் என்றால் காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தம். கீழ்க்கடை வாசலில் ஒலிபெருக்கி வைத்துப் பாட்டுப் போடுகிறார்களா என்பதையும் கவனிக்க வேண்டும். தரை வழியாக ஏறிவரும் தாளச் சத்தத்தைக் கம்பளம் விரித்து நிறுத்த முடியாது.

வாடகைக்கு வருவோம். இங்கே வணிக இடத்துக்கு மாத வாடகை சதுர மீட்டர் கணக்கில் சொல்வார்கள். 120 சதுர மீட்டர் மாடி, சதுர மீட்டருக்கு 95 ரேண்ட் என்று எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம். 11,400 ரேண்ட். வீட்டுக்காரர் வாட் வரிக்குப் பதிவு செய்தவர் என்றால் அதன்மேல் 15 சதவீதம் சேரும்: 13,110. புதிதாக ஆரம்பிக்கும் சிறு தொழில் வாட் பதிவு இல்லாததாக இருந்தால் அந்த 1,710 ரேண்டைத் திரும்பப் பெற வழியில்லை. பேசும்போது சொல்லும் விலை வாட் சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்டுவிட வேண்டும். ஒப்பந்தத்தில் வருடாந்தர உயர்வு 7 சதவீதம் என்றிருந்தால் மூன்றாம் ஆண்டில் இதே மாடி வாட் சேர்த்து 15,010 ரேண்ட் ஆகும். மாணவருக்கான கட்டணத்தை வருடம் 7 சதவீதம் உயர்த்த முடியுமா என்று அப்போது யோசித்துப் பயனில்லை.

120 சதுர மீட்டர் என்பது காகிதத்தில். படிக்கட்டு, நடைபாதை என்று பொதுவிடத்தின் பங்கும் அதில் அடங்கியிருக்கும். உள்ளே அளந்தால் 95 இருக்கலாம். கழிப்பறை, தேநீர் மேடை, முன்மேசை, சாமான் வைக்கும் மூலை 20 போனால் 75. இரண்டு கூண்டும் ஒரு சின்னக் கூட்ட அறையும் 15. மீதி 60. ஒரு மேசை 120 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம். நாற்காலி பின்னுக்குத் தள்ளும் இடம், நடக்க வழி எல்லாம் சேர்த்து ஓர் இருக்கைக்கு 3 சதுர மீட்டர் வேண்டும். ஆக 20 இருக்கை. நெருக்கிப் போட்டு 30 ஆக்கலாம். அப்போது அது டியூஷன் வகுப்பாகிவிடும்.

இணைய இணைப்பைப் பொறுத்தவரை, மக்கள் நினைக்கும் இடத்தில் செலவும் இல்லை, சிக்கலும் இல்லை. தெளிவான ஒரு காணொளி அழைப்புக்கு மேலும் கீழும் 3 முதல் 4 மெகாபிட் போதும். 20 பேர் இருக்கும் அறையில் ஒரே நேரத்தில் 6 அழைப்பு நடந்தாலும் 24 மெகாபிட்தான். 100 மெகாபிட் ஃபைபர் தாராளம். பார்க்க வேண்டியது மேலேற்றும் வேகம்: 100 கீழே, 20 மேலே என்ற வீட்டுத் திட்டத்தில் அந்த 6 அழைப்புக்கே இடம் போதாது. இரண்டு பக்கமும் ஒரே வேகம் தரும் திட்டமாக, தொழிலுக்கு அனுமதிக்கும் திட்டமாக எடுக்க வேண்டும்.

இருந்தும் அழைப்பு உடையும். காரணம் பெரும்பாலும் வேகம் அல்ல, வரிசை. யாரோ ஒருவருடைய மடிக்கணினி தன் படங்களையெல்லாம் மேகச் சேமிப்புக்கு ஏற்ற ஆரம்பிக்கும். ரவுட்டரில் தரவுப் பொட்டலங்கள் நீண்ட வரிசையில் நிற்கும். பக்கத்தில் பேசுகிறவரின் குரல் அந்த வரிசையின் கடைசியில் மாட்டிக்கொள்ளும். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒரு கணினியில் பெரிய கோப்பு ஒன்றை மேலேற்றிக்கொண்டே, விண்டோஸ் இருக்கும் இன்னொரு கணினியில் இதை ஓட்டுங்கள்:

```
ping -n 60 1.1.1.1
```

கோப்பு ஏறாதபோது வரும் மில்லிசெகண்ட் எண்ணுக்கும், ஏறும்போது வரும் எண்ணுக்கும் வித்தியாசம் சில பத்துகளுக்குள் இருக்க வேண்டும். 20 இருந்தது 300 ஆனால் வரிசைச் சிக்கல்தான். லண்டனுக்குப் போய்வரவே 150 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். அதோடு இந்த 300 சேர்ந்தால் இருவர் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்து, இருவரும் நிறுத்தி, மறுபடி ஒன்றாக ஆரம்பிப்பார்கள். இதற்கு வேகமான திட்டம் வாங்குவது மருந்தல்ல. வரிசையை நிர்வகிக்கும் வசதி உள்ள ரவுட்டரை வாங்கி, அதில் வரம்பை இணைப்பு வேகத்தின் 90 சதவீதத்தில் வைக்க வேண்டும். வரிசை அப்போது நம் ரவுட்டரின் கட்டுப்பாட்டில் இருக்கும்.

மாற்று இணைப்பு பற்றி ஒரு வார்த்தை. ஒரே ஃபைபர் கம்பியில் இரண்டு நிறுவனங்களின் இணைப்பை வாங்குவது மாற்று ஆகாது. தோண்டுகிறவன் கடப்பாரை இரண்டையும் சேர்த்தே வெட்டும். செல்போன் கோபுரம் வழியாக வரும் இணைப்பே மாற்று. ஆனால் பல மணி நேரம் மின்சாரம் போனால் கோபுரத்தின் பேட்டரியும் தீரும். ஸ்டேங்கரிலிருந்து கொஞ்ச தூரம் வடக்கே இம்டுன்சினியில்தான் சீகாம் கடலடிக் கம்பி 2009-இல் கரையேறியது. அதனால் இங்கே இணையம் வேகமாக இருக்கும் என்று சொல்பவர்களைக் கேட்டிருக்கலாம். அந்தக் கம்பி இந்த ஊருக்காக வழியில் நிற்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வி, நிறுவனம் எத்தனை கடலடிக் கம்பிகளில் இடம் வைத்திருக்கிறது என்பது. 2024 மார்ச்சில் மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் ஒரே நாளில் பல கம்பிகள் அறுந்தபோது, எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைத்தவர்களின் இணைப்பே அதிகம் தடுமாறியது.

இன்னொன்று: தெருவில் ஃபைபர் வந்துவிட்டது என்பதால் மாடிக்கு வந்துவிட்டது என்று ஆகாது. கட்டடக்காரரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும், சுவரில் துளை போட வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு வாடகை ஓட ஆரம்பித்த பிறகு இதைக் கேட்டால் இணையமில்லாத அறைக்கு இரண்டு மாத வாடகை கட்ட நேரும்.

மின்சாரத்துக்கு 5 கிலோவாட் இன்வெர்ட்டரும் 5 கிலோவாட்-மணி லித்தியம் பேட்டரியும் போதும். 20 மடிக்கணினிக்கு 1,000 வாட், விளக்கு, விசிறி, ரவுட்டர் எல்லாம் 500 வாட், மொத்தம் 1.5 கிலோவாட். இரண்டரை மணி நேரத்துக்கு 3.75. மாற்றும்போது போகும் இழப்பையும், பேட்டரியை முழுக்கக் காலி செய்யாமல் விடுவதையும் சேர்த்தால் சரியாக நிற்கும். இதில் குளிரூட்டி இல்லை, கெட்டில் இல்லை. கெட்டில் ஒன்றே 2 கிலோவாட். தேநீர் மேடையின் பிளக்கைப் பேட்டரிப் பக்கம் சேர்க்காமல் இருக்க எலக்ட்ரீஷியனிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வேலை முடிந்ததும் மின் இணக்கச் சான்றிதழ் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் காப்பீடு தகராறு செய்யும்.

இனி மாதக் கணக்கு. வாடகை 13,110. மின்சாரம், தண்ணீர், குப்பை 3,500. ஃபைபரும் மாற்று இணைப்பும் 1,900. எச்சரிக்கை மணிக் காவல், காப்பீடு, தேநீர், காகிதம், வங்கிக் கட்டணம் எல்லாம் 2,800. மேசை, நாற்காலி, கூண்டு, பேட்டரிக்கு 1,50,000 ரேண்ட் போட்டு ஐந்து ஆண்டில் கழித்தால் மாதம் 2,500. இதுவரை 23,810.

அடுத்தது ஆள். வார நாட்களில் காலை 8 முதல் இரவு 10, சனி 10 மணி நேரம், ஞாயிறு 8 மணி நேரம் என்றால் வாரம் 88 மணி. சட்டப்படி ஒருவருக்கு வாரத்துக்குச் சாதாரண வேலை 45 மணிதான், எனவே இருவர். 2025 மார்ச்சில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ரேண்ட் ஆனது; சாவியை நம்பி ஒப்படைக்கும் ஆளுக்கு 35 வைத்தால் மாதம் 13,300 சொச்சம். ஞாயிறுக்கான கூடுதல் கூலி, வேலையின்மைக் காப்பீட்டுப் பங்கு, விடுப்பு சேர்த்து 14,500. வாடகையைத் தாண்டிவிட்டது. இடம் தேடி மூன்று மாதம் அலைந்து சதுர மீட்டருக்கு 5 ரேண்ட் குறைத்தவர்கள் இந்தச் சம்பளக் கணக்கை ஒரு மாலையில் எழுதி முடித்துவிடுவார்கள்.

மொத்தச் செலவு 38,310. வரவு? வெளிநாட்டு வேலைக்காரர் 8 பேர், மாதம் 1,900 வீதம் 15,200. மாலை மாணவர் அட்டை 450. மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர், நவம்பர் என்று தேர்வு மாதங்கள் ஐந்தில் 45 பேர், மற்ற ஏழு மாதங்களில் 12 பேர். கூட்ட அறை, ஒருநாள் கட்டணம், அச்சு எல்லாம் 4,000. தேர்வு மாதத்தில் 39,450 வந்து 1,140 மிஞ்சும். மற்ற மாதத்தில் 24,600 வந்து 13,710 துண்டு விழும். வருடத்துக்கு 90,270 ரேண்ட் நட்டம். இத்தனைக்கும் நடத்துகிறவருக்கு ஒரு சதம் சம்பளம் வைக்கவில்லை.

இதே ஊரில், இதே வகை வாடிக்கையாளர்களை வைத்து, 70 சதுர மீட்டரில் போட்டுப் பார்ப்போம். வாடகை வாட்டோடு 7,650. முழு விலை கொடுப்பவருக்கு மின்சாவி அட்டை. அவர்கள் பகலில் தாமே திறந்து வந்து போகட்டும். ஆள் வார நாளில் மாலை 4 முதல் 9, சனி ஞாயிறு எட்டெட்டு மணி நேரம். வாரம் 41 மணி; ஒரே ஆள் போதும், எல்லாம் சேர்த்து 7,000. பெற்றோர் கேட்கும் பொறுப்பு, பிள்ளைகள் இருக்கும் அந்த நேரத்தில்தான் தேவை. மற்ற செலவுகளும் கொஞ்சம் சுருங்க, மொத்தம் 23,050. கூட்ட அறையை விட்டு இரண்டு கூண்டு மட்டும் வைத்தால் 13 இருக்கை. முழு விலைக்கு 7 பேர், மாணவர் தேர்வுக் காலத்தில் 30, மற்ற நேரம் 12, சில்லறை வரவு 2,000 என்றால் தேர்வு மாதம் 5,750 மிச்சம், மற்ற மாதம் 2,350 நட்டம். வருடத்துக்கு 12,300 ரேண்ட் கையில். வாழ்வதற்கு இது போதாது. வேறு தொழிலோடு சேர்த்து நடத்தலாம், அவ்வளவே.

13 இருக்கைக்கு 30 மாணவர் அட்டை விற்பது ஏமாற்று அல்ல. மூன்றில் ஒருவர்தான் ஒரே மாலையில் வருவார் என்ற அனுமானம் அது. அமெரிக்க நேரக்காரர் 3 பேர் மாலையிலும் இருந்தால் மாணவருக்கு மீதி 10 இருக்கை, சரியாகப் பொருந்துகிறது. தேர்வுக்கு முந்தைய வாரத்தில் மட்டும் அனுமானம் உடையும். அந்த வாரம் இருக்கையை முன்பதிவு முறைக்கு மாற்றாவிட்டால், பணம் கட்டியவர் நின்றுகொண்டிருப்பார். அந்த ஒரு மாலையே ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும்.

பகலில் ஆள் இல்லாத இடத்தில் சின்னச் சின்ன விஷயம்தான் சண்டை மூட்டும். பொதுக் குளிர்பெட்டி அதில் ஒன்று. புரட்டாசியில் விரதம் இருப்பவரின் சாப்பாட்டுப் பக்கத்தில் கோழிக்கறி டப்பா இருந்தால் அவர் அந்தப் பெட்டியைத் தொட மாட்டார். ஹலால் பார்ப்பவருக்கும் அதே தயக்கம். தட்டைப் பிரித்துப் பெயர் ஒட்டிவிட்டால் முடிந்தது.

கோயில் மண்டபங்கள் வார நாட்களில் சும்மா இருக்கின்றனவே, அங்கே நடத்தலாமே என்று கேட்பார்கள். தேர்வுக்கால இரண்டு மாதத்துக்கு நல்ல யோசனை. வாடகையே இல்லாமல்கூடக் கிடைக்கலாம். ஆனால் மாதக் கட்டணம் வாங்கும் இடமாக அது தேறாது. கல்யாணம், கருமாதி, காவடிக் கூட்டம் என்று மண்டபம் எப்போது வேண்டுமானாலும் தேவைப்படும். தேவைப்படும்போது மேசையைத் தூக்கத்தான் வேண்டும்.

ஆகவே வாடகை ஒப்பந்தத்துக்கு முன் செய்ய வேண்டியது ஒன்று. முழு விலை கொடுப்பதாகச் சொல்பவர்களிடம் 500 ரேண்ட் முன்பணம் கேட்க வேண்டும், மூன்று மாதத்தில் திறக்காவிட்டால் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுத்து. “நல்ல யோசனை, கண்டிப்பாக வருவேன்” என்று சொல்பவர் இருபது பேர் இருப்பார்கள். பணம் எடுப்பவர் எத்தனை பேர் என்பதே எண்ணிக்கை. 70 சதுர மீட்டர் கணக்கில் அந்த எண் 7. ஐந்து பேர்தான் தேறினார்கள் என்றால் மாத வரவில் 3,800 குறையும். வருடக் கணக்கு 33,300 நட்டத்துக்குத் திரும்பும். ஏழு தேறினாலும் ஒப்பந்தத்தில் 12 மாதத்துக்குப் பின் மூன்று மாத அறிவிப்போடு வெளியேறும் உரிமையை எழுதிக் கேட்க வேண்டும். வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் மூன்று ஆண்டும், சொந்தப் பொறுப்பில் ஜாமீன் கையெழுத்தும் கேட்பார்கள். வெளியேறும் உரிமைக்காக வாடகையில் சதுர மீட்டருக்கு 5 ரேண்ட் அதிகம் கேட்டாலும் மாதம் வாட்டோடு 400 ரேண்ட்தான் ஆகிறது, கொடுத்துவிடலாம்.